மெனுவில் 61 ரூபாய் இருந்தது, வெள்ளிக்கிழமையே டிவி நின்றுவிட்டது

செண்பகம், சென்னை

அம்மா சங்கரன்கோவிலில் தனியாக இருக்கிறார். வீட்டு டிடிஎச் ரீசார்ஜ் என் பொறுப்பு. போன வாரம் நடந்ததை எழுதுகிறேன். எங்கே பிசகியது என்று எனக்கே பாதிதான் புரிந்தது.

அம்மாவுக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது, எண்கள் தெரியும். அதனால் ரிமோட்டின் பின்பக்கம் ஒரு சீட்டு ஒட்டி வைத்திருக்கிறேன்: "மெனு, வலது பக்கம் 4 தடவை, ஓகே." அப்படிப் போனால் My Account என்ற பக்கம் வரும். வாடிக்கையாளர் எண், அதன் கீழே Balance, அதன் கீழே ஒரு தேதி. அம்மா போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழே எண்களை மட்டும் வாசிப்பார்.

செவ்வாய்க்கிழமை காலை வாசித்தபோது இருப்பு 61 ரூபாய். எங்கள் பேக் மாதம் 285. ஒரு நாளைக்கு 9 ரூபாய் 50 காசு கழியும். ஆக ஆறு நாள் ஓடும், சனிக்கிழமை போட்டால் போதும் என்று விட்டுவிட்டேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அம்மா போன் செய்கிறார், சேனல் வரவில்லை, ரீசார்ஜ் செய்யச் சொல்லி எழுத்து வருகிறது என்று.

7 மணி 10 நிமிடத்துக்கு 300 ரூபாய் போட்டேன். பணம் போய்ச் சேர்ந்ததாகக் குறுஞ்செய்தியும் வந்தது. அதற்குள் ஊரில் நல்ல மழை பிடித்துக்கொண்டது. அரை மணி நேரம் கழித்து அம்மா மெனுவைத் திறந்தால் இருப்பு பழையபடி 4 ரூபாய்தான். பணம் எங்கோ மாட்டிக்கொண்டது என்று நினைத்து 7:45க்கு இன்னொரு 300 போட்டேன். மழை விட்டு ஒன்பதரைக்குச் சேனல்கள் வந்தன. மறுநாள் மெனுவில் 594 ரூபாய் 50 காசு. பணம் போகவில்லை, இரண்டு மாதத்துக்குச் சேர்ந்து கிடக்கிறது. ஆனால் 61 ரூபாய் இருந்த கணக்கு மூன்று நாளில் எப்படிக் காலியானது?

கோவில்பட்டிக்காரன்

சகோதரி, இதற்கு ஒரே வழிதான். ரீசார்ஜ் செய்ததும் பாக்ஸின் பவர் வயரைப் பிடுங்கி இரண்டு நிமிடம் கழித்துச் சொருகுங்கள். பாக்ஸ் திரும்ப ஏறும்போது கம்பெனியிடம் கேட்டுப் புது இருப்பை வாங்கிக்கொள்ளும். நான் பத்து வருடமாக இப்படித்தான் செய்கிறேன், தவறியதே இல்லை.

டிஷ் மெக்கானிக், தருமபுரி

14 வருடமாக டிஷ் மாட்டுகிற வேலை பார்க்கிறேன். செண்பகம் அக்கா கேட்டதற்கு முதலில் ஒரு கேள்வி. செவ்வாய்க்கிழமைக்கு முந்தைய நாட்களில் பாக்ஸ் ஓடிக்கொண்டிருந்ததா, இல்லை சுவிட்ச் போர்டில் அணைத்திருந்ததா?

கோவில்பட்டி அண்ணன் சொன்ன வழி பல நேரம் பலிக்கும், அது உண்மை. ஆனால் காரணம் அதுவல்ல. பாக்ஸ் யாரிடமும் கேட்காது, கேட்கவும் முடியாது. மாடியில் இருக்கிற டிஷ் காது மாதிரி, அதற்கு வாய் கிடையாது. 36 ஆயிரம் கிலோமீட்டர் மேலே இருக்கிற செயற்கைக்கோளுக்கு உங்கள் வீட்டிலிருந்து எதுவும் போவதில்லை. கம்பெனி, படத்தோடு சேர்த்து எல்லா வாடிக்கையாளருக்குமான சிறு சிறு தகவல்களையும் வரிசையாகச் சுற்றிச் சுற்றி அனுப்பிக்கொண்டே இருக்கும். "இந்த எண் பாக்ஸுக்கு இன்ன இருப்பு, இன்ன சேனல்கள் திற" என்று. பாக்ஸ் தன் எண் வரும்போது அதை மட்டும் பிடித்து வைத்துக்கொள்ளும். மெனுவில் நீங்கள் பார்ப்பது அப்படிக் கடைசியாகப் பிடித்த தகவல்தான், இந்த நிமிடத்துக் கணக்கு இல்லை.

அதனால் ரீசார்ஜ் செய்தபின் பாக்ஸ் போட்டபடி இருக்க வேண்டும், சிக்னல் இருக்க வேண்டும். மழையில் சிக்னல் போய்விட்டால் தகவல் வந்தாலும் காதில் விழாது. வயரைப் பிடுங்கிக்கொண்டே இருந்தால், நம் எண் வருகிற நேரத்தில் பாக்ஸ் ஏறிக்கொண்டிருக்கும், அந்தச் சுற்று தவறிவிடும். ஒரு தடவை செய்யலாம். திரும்பத் திரும்பச் செய்தால் தாமதம்தான்.

செண்பகம், சென்னை

இப்போது புரிகிறது. அம்மா அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை இரவே சித்தி வீட்டுக்குப் போய்விட்டார். போகும்போது எப்போதும் போர்டில் எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டுத்தான் போவார். செவ்வாய்க்கிழமை காலை வந்து டிவியைப் போட்டதும் என்னைக் கூப்பிட்டார், அந்த நிமிடத்தில் வாசித்ததுதான் 61.

டிஷ் மெக்கானிக், தருமபுரி

அப்படியானால் கணக்கு நேராகிவிட்டது. அந்த 61 முந்தைய வெள்ளிக்கிழமை இருப்பு. சனி, ஞாயிறு, திங்கள், செவ்வாய் நான்கு நாளைக்கு 38 ரூபாய் அங்கே கழிந்துவிட்டது. பாக்ஸ் அணைந்திருந்தாலும் கம்பெனிக் கணக்கு ஓடிக்கொண்டுதான் இருக்கும். செவ்வாய்க்கிழமை உண்மையான இருப்பு 23. புதனுக்கும் வியாழனுக்கும் போனால் 4 ரூபாய். வெள்ளிக்கிழமைக்கு 9 ரூபாய் 50 காசு வேண்டும், இல்லை. நின்றுவிட்டது.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஒரு மணி நேரம் படம் ஓடவிட்டு, பிறகு மெனுவைப் பார்த்திருந்தால் அநேகமாக 23 என்று காட்டியிருக்கும். அம்மாவிடம் ரிமோட்டில் மட்டும் அணைக்கச் சொல்லுங்கள். சிவப்பு விளக்கு எரிகிற நிலையில் பெரும்பாலான பாக்ஸ் தகவலை வாங்கிக்கொண்டுதான் இருக்கும். ஊருக்குப் போனால் அணைப்பது நியாயம்தான், இடிக்காலத்தில் பிடுங்கியும் வைக்க வேண்டும். திரும்பி வந்த உடனே காட்டுகிற எண்ணை நம்பக்கூடாது, அவ்வளவுதான்.

ராஜபாளையம் தாத்தா

நான் ஏழு வருடமாக ரீசார்ஜே செய்வதில்லை. தூர்தர்ஷனின் ஃப்ரீ டிஷ் வைத்திருக்கிறேன். பெட்டியும் டிஷ்ஷும் ஒருமுறை வாங்கியதோடு சரி. செய்தி வருகிறது, பழைய படம் வருகிறது, எனக்குப் போதும். என் பெட்டி மெனுவிலும் இருப்பு என்று தேடினேன், அப்படி ஒரு பக்கமே காணோமே?

செண்பகம், சென்னை

அதற்கு மாதக் கட்டணமே கிடையாது தாத்தா, அதனால் இருப்பும் இருக்காது. உங்கள் பெட்டி நன்றாகத்தான் இருக்கிறது.

ஓசூர் வாசகர்

எங்கள் வீட்டில் பாக்ஸ் மெனுவிலேயே ரீசார்ஜ் என்று ஒரு பக்கம் இருக்கிறது. அழுத்தினால் கியூஆர் கோடு வருகிறது. போனில் ஸ்கேன் செய்தால் எங்கள் எண் தானாகவே நிரம்பிய பக்கம் திறக்கிறது, தொகை போட்டு யூபிஐயில் கட்டிவிடலாம். பாக்ஸுக்கு வாயே இல்லை என்றால் இது எப்படி?

டிஷ் மெக்கானிக், தருமபுரி

பணம் கட்டியது உங்கள் போன், பாக்ஸ் இல்லை. உங்கள் எண் அடங்கிய இணைய முகவரியை டிவியில் படமாக வரைந்து காட்டுவதோடு பாக்ஸின் வேலை முடிந்தது. பணம் போன் வழியாகப் போகும், திறப்பு ஆணை வானத்திலிருந்து இறங்கும். வைஃபை இணைக்கிற ஆண்ட்ராய்டு பாக்ஸ் மட்டும் வேறு. அதற்கு இணையம் வழியாகப் பேச வழி உண்டு.

இந்தக் கோடில் பெரிய நன்மை என்னவென்றால் எண் தவறாது. கையால் அடிக்கிறவர்களும், பேமெண்ட் ஆப்பில் பழைய எண் சேமித்து வைத்திருக்கிறவர்களும் வேறு வீட்டுக்குப் பணம் போட்டதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பழைய இணைப்பைத் தூக்கிப் போட்டுப் புது இணைப்பு எடுத்திருப்பார்கள், ஆப்பில் பழைய எண்ணே மேலே நிற்கும். மெனுவில் இருக்கிற எண்ணை ஒருமுறை பார்த்து ஒப்பிடுங்கள். கட்டுவதற்கு முன் வாடிக்கையாளர் பெயரைக் காட்டினால் அதையும் வாசியுங்கள்.

மீனா, மதுரை

எங்கள் வீட்டில் ஒரே கணக்கில் இரண்டு டிவி. ரீசார்ஜ் செய்ததும் ஹாலில் படம் வந்துவிட்டது, இருப்பும் புதிதாகக் காட்டியது. உள் அறையில் மட்டும் பழைய இருப்பு, சேனலும் இல்லை. பரீட்சை என்று அந்த டிவியை ஒரு மாதம் போடவே இல்லை. இரண்டுக்கும் ஒரே பணம்தானே, ஒன்று மட்டும் ஏன் இப்படி என்று அன்றைக்கு முழுக்க அலைந்தேன். இரண்டு பாக்ஸுக்கும் கார்டு எண் தனித்தனி, ஆணையும் தனித்தனியாக வரும் என்பது இங்கே படித்த பிறகுதான் உறைக்கிறது. கடைசியில் கம்பெனி ஆப்பில் ரெஃப்ரெஷ் என்று இருந்ததை அழுத்தினேன். பத்து நிமிடத்தில் வந்துவிட்டது.

டிஷ் மெக்கானிக், தருமபுரி

சரியாகச் செய்தீர்கள். நெடுநாள் அணைந்திருந்த பாக்ஸுக்கு அதுதான் வழி. ரெஃப்ரெஷ் கொடுத்தால் உங்கள் எண்ணுக்கான ஆணையை மறுபடி புதிதாக அனுப்புவார்கள். அதற்கு முன்னால் பாக்ஸைப் போட்டு, சந்தா கட்டிய சேனல் ஒன்றில் வைத்துவிடுங்கள். மெனுவில் சிக்னல் பக்கத்தையும் பாருங்கள். Strength, Quality என்று இரண்டு பட்டை இருக்கும். Quality பட்டை சுத்தமாக இறங்கிக் கிடந்தால் எத்தனை ரெஃப்ரெஷ் கொடுத்தாலும் பலனில்லை. மழை விடும்வரை பொறுக்க வேண்டும், மழை இல்லை என்றால் டிஷ் திரும்பியிருக்கும்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், திருச்சி

இந்த அரை மணி நேரத்தில்தான் நான் 4,800 ரூபாயை இழந்தேன். பணம் கட்டியும் படம் வரவில்லை என்று கூகுளில் வாடிக்கையாளர் சேவை எண் தேடி, முதலில் வந்த எண்ணுக்குப் பேசினேன். மிகவும் மரியாதையாகத் தமிழிலேயே பேசினார். ஒரு ஆப் ஏற்றச் சொன்னார், சோதனைக்காகப் பத்து ரூபாய் அனுப்பச் சொன்னார். என் போன் திரை முழுவதும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. நான் ரகசிய எண்ணை அடித்தேன், அடுத்த இரண்டு நிமிடத்தில் பணம் போய்விட்டது. சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அன்றே புகார் கொடுத்தேன், இன்னும் பணம் திரும்பவில்லை. நான் புகார் சொல்லிக்கொண்டிருக்கும்போதே படம் தானாக வந்துவிட்டது. சேவை எண் வேண்டுமென்றால் பாக்ஸ் மெனுவில் உதவிப் பக்கத்தில் இருப்பதைப் பாருங்கள். நான் பிறகு பார்த்தேன், அங்கே தெளிவாக இருந்தது.

கோவில்பட்டிக்காரன்

சார், மனசு கஷ்டமாக இருக்கிறது. எங்கள் தெருவிலும் எல்லோரும் கூகுளில்தான் தேடுகிறார்கள். மெனுவில் இருக்கும் எண்ணை எழுதி டிவி பக்கத்தில் ஒட்டச் சொல்கிறேன்.

வயர் விஷயத்தில் மெக்கானிக் தம்பி சொல்வதை ஏற்கிறேன், ஆனாலும் என் பாக்ஸில் அணைத்துப் போட்ட பிறகுதான் எண் மாறுகிறது. பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

டிஷ் மெக்கானிக், தருமபுரி

அண்ணே, சில பழைய பாக்ஸில் தகவல் உள்ளே வந்திருந்தாலும் அந்தப் பக்கத்தை மூடித் திறக்கும்வரை திரையில் பழைய எண்ணே நிற்கும். அணைத்துப் போட்டால் மாறும், மெனுவை விட்டு வெளியே வந்து திரும்ப நுழைந்தாலும் மாறலாம். அடுத்த தடவை வயரைத் தொடாமல் அதைச் செய்து பார்த்துவிட்டு எழுதுங்கள்.

செண்பகம், சென்னை

அம்மாவின் சீட்டில் இன்னொரு வரி சேர்த்துவிட்டேன்: "ஊரிலிருந்து வந்தால் ஒரு சீரியல் பார்த்துவிட்டு அப்புறம் வாசி." ஒன்று மட்டும் கேட்க வேண்டும். மெனுவில் இருப்புக்குக் கீழே வருகிற தேதி, நான் 594ஐ 9.50ஆல் வகுத்துப் போடுகிற நாளைவிட இரண்டு நாள் முன்னதாகக் காட்டுகிறது. பேக்கை நாங்கள் மாற்றவில்லை. உங்கள் வீட்டிலும் இப்படி வருகிறதா?

மீனா, மதுரை

எங்கள் வீட்டிலும் ஒரு நாள் முன்னதாகத்தான் காட்டுகிறது. ஏன் என்று தெரியவில்லை. நான் அந்தத் தேதிக்கு முந்தைய நாளே போட்டுவிடுகிறேன்.