‘வரி ஏறினால் யார் தருவது’ என்ற விதிக்குத் தமிழில் என்ன பெயர்?

தஞ்சாவூர், ஒப்பந்த மொழிபெயர்ப்பாளர்

எல்லோருக்கும் வணக்கம். கும்பகோணம் பாத்திர வியாபாரிகள் சிலருக்காக ஒரு மாதிரி ஒப்பந்தத்தைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். சென்னை இறக்குமதியாளரிடம் சரக்கு பேசி முடித்த பிறகு சுங்கவரி ஏறினால், ‘ஆன்டி டம்பிங்’ எனப்படும் பொருள் குவிப்புத் தடுப்பு வரி புதிதாக வந்தாலும்கூட, கூடுதலை யார் தருவது, இறங்கினால் மிச்சம் யாருக்கு என்று சொல்லும் விதிக்குப் பெயர் வேண்டும். ‘வரி மாறுபாட்டு விதி’ என்று போட்டுப் பார்த்தேன். வரி மாறும் என்பது அதில் இருக்கிறது, பாரம் யாருக்கு என்பது இல்லை. கடைக்காரர்கள் படித்தவுடன் புரிந்துகொள்ளும் சொல்லாக இருந்தால் நல்லது.

மன்னார்குடி, ஓய்வுபெற்ற ஆசிரியர்

அம்மா, முதலில் பொருள் குவிப்புத் தடுப்பு வரியைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். குவிப்பு என்றால் ஓர் அளவு இருக்க வேண்டுமே. கொள்முதல் நிலையத்தில் நெல் குவிந்து கிடக்கிறது என்று சொல்கிறோம், நாலு மூட்டை கிடந்தால் அப்படிச் சொல்வதில்லை. நாலைந்து பெட்டி வாங்கும் கும்பகோணத்துக் கடைக்காரருக்கு அந்த வரி எப்படி வரும்? வராதென்றால் உங்கள் ஒப்பந்தத்தில் இந்த விதியே தேவையில்லை.

கும்பகோணம், பாத்திரக்கடை

வாத்தியார் ஐயா, எனக்கு வந்தது. 2025 ஜனவரியில் சீனாவில் செய்த அரை லிட்டர் எவர்சில்வர் ஃபிளாஸ்க் 2,000 எண்ணம் பேசினேன். ஒன்று 310 ரூபாய், ‘வரிகள் உட்பட’. கல்யாண வீடுகளுக்குத் தாம்பூலத்தோடு கொடுக்க 390 ரூபாய் என்று ஆர்டர் எடுத்து முன்பணமும் வாங்கிவிட்டேன். சரக்கு ஏப்ரலில் வந்தது. அதற்குள் மார்ச்சில் சீன ஃபிளாஸ்க்குக்கு டன்னுக்கு 1,732 டாலர் வரி போட்டுவிட்டார்கள். ஒரு ஃபிளாஸ்க் 450 கிராம். டாலர் 86 ரூபாய் என்று வைத்தால் ஒன்றுக்கு 67 ரூபாய். எனக்கு நிற்க வேண்டிய 80 ரூபாயில் 13 ரூபாய்தான் நின்றது. கடை வாடகைக்கே அது காணாது. முகூர்த்தம் வைத்த வீட்டில் போய் விலை ஏறிவிட்டது என்று எந்த வாயால் சொல்வது? ‘வரிகள் உட்பட’ என்று பில்லில் இருந்தும் அந்த 67 ரூபாயை என்னிடம்தான் வாங்கினார்கள். அது சரியா என்று யாராவது சொல்லுங்கள்.

காரைக்கால், சரக்கு அனுப்பும் அலுவலகக் கணக்கர்

அண்ணே, இறக்குமதியாளர் கொஞ்சம் முந்தியிருந்தால் தப்பித்திருக்கலாம். சரக்கு விவரம் சொல்லிச் சுங்கத்தில் கொடுக்கும் பில் ஆஃப் என்ட்ரியைக் கப்பல் வருவதற்கு முன்பே தாக்கல் செய்ய முடியும். வரி அறிவிப்புக்கு முன்பே போட்டிருந்தால் பழைய வரிதான். இல்லாவிட்டால் சரக்கை, வரி கட்டாமல் வைத்திருக்கும் பாண்டட் கிடங்கில் இறக்கி வைத்திருக்கலாம், கிடங்குக்குள் போன நாளின் வரியே நிலைத்துவிடும். ஒப்பந்தத்தில் ‘முன்கூட்டியே தாக்கல் செய்யும் கடமை’ என்று ஒரு வாக்கியம் சேர்த்தால் போதும், புதுச்சொல் எதற்கு?

மயிலாடுதுறைக்காரன், சென்னைத் துறைமுகத்தில் சுங்கத் தரகர்

தம்பி சொன்னதில் முன்கூட்டித் தாக்கல் செய்யலாம் என்பது வரைக்கும் சரி. பழைய வரியே நிலைக்கும் என்பது தவறு. சுங்கச் சட்டத்தின் 15ஆம் பிரிவுப்படி பில் தாக்கல் செய்த நாள், கப்பல் சரக்கை இறக்கலாம் என்று சுங்கம் உள்வருகை அனுமதி கொடுத்த நாள், இந்த இரண்டில் பிந்தியது எதுவோ அந்த நாளின் வரிதான் கணக்கு. அறிவிப்புக்கு முன்பே பில் போட்டாலும் கப்பல் ஏப்ரலில் வந்தால் ஏப்ரல் வரி. கிடங்கில் வைத்தால் வெளியே எடுக்கப் போடும் பில்லின் நாள். ஆர்டர் கொடுத்த நாளும் சரக்கு கப்பல் ஏறிய நாளும் இதில் வருவதே இல்லை. இது தெரியாமல் நொந்தவர்களை வருஷத்துக்கு நாலு பேராவது பார்க்கிறேன். விதியில் நீங்கள் என்ன பெயர் வைத்தாலும் எந்த நாளின் வரியை எடுத்துக்கொள்வது என்று எழுதாவிட்டால் சண்டை அங்கேயே ஆரம்பிக்கும்.

ஐயாவுக்கு: இந்த வரி வருவது அளவைப் பார்த்து அல்ல, விலையைப் பார்த்து. சொந்த நாட்டில் விற்கும் விலையைவிடக் குறைத்து இங்கே அனுப்புகிறார்கள், அதனால் இங்குள்ள உற்பத்தியாளர் அடிபடுகிறார் என்று விசாரணையில் தெரிந்தால் வரி வரும். வந்த பிறகு ஒரே ஒரு பெட்டி கொண்டுவருகிறவருக்கும் உண்டு. ‘குவிப்பு’ என்ற சொல்தான் உங்களை அளவின் பக்கம் கொண்டுபோய்விட்டது. என்னைக் கேட்டால் ‘தாழ்விலை இறக்குமதித் தடுப்பு வரி’ என்பேன்.

கடைக்காரர் அண்ணனுக்கு: இதைக் கேட்டால் வருத்தப்படுவீர்கள். சரக்கு விற்பனைச் சட்டம் 64ஏ பிரிவு, ஒப்பந்தம் முடிந்த பிறகு சுங்கவரி ஏறினால் விற்பவர் அதை விலையில் சேர்க்கலாம், இறங்கினால் வாங்குபவர் கழிக்கலாம் என்கிறது. ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லியிருந்தால்தான் அது பொருந்தாது. ‘வரிகள் உட்பட’ என்று மட்டும் எழுதினால் ‘இனி ஏறினாலும் இதே விலை’ என்று பொருளாகிவிடாது. அதைத் தனியாகவே எழுத வேண்டும். தடுப்பு வரியை அந்தப் பிரிவு சொல்லும் சுங்கவரியில் சேர்க்கலாமா என்று வாதாட இடம் இருக்கிறது. வழக்குப் போட நினைத்தால் வக்கீலைப் பாருங்கள்.

ஒன்று மட்டும் சொல்லியாக வேண்டும். இந்த வரி ராத்திரியோடு ராத்திரியாக வரவில்லை. இதை விசாரிக்கும் மத்திய அரசு அமைப்பான டி.ஜி.டி.ஆர். விசாரணை தொடங்கும்போதே அரசிதழில் அறிவிப்பு வரும், இறுதி முடிவுக்கு ஒரு வருஷம்கூட ஆகும். தொடங்கியது தெரிந்தவுடன் விவரமான இறக்குமதியாளர் சொன்ன விலையைப் பதினைந்து நாளுக்கு மேல் வைத்திருக்க மாட்டார், சரக்கு விலை தனி, வரி தனி என்று பிரித்துத்தான் எழுதுவார். உங்களிடம் மொத்தமாக 310 என்று சொன்னவருக்கு விசாரணை நடப்பது தெரியாமல் இருந்திருக்கலாம், தெரிந்தும் சொல்லாமல் இருந்திருக்கலாம். சமையல் எண்ணெய் கதை வேறு. 2024 செப்டம்பரில் கச்சா பாமாயிலுக்கு அடிப்படை வரி பூஜ்யத்திலிருந்து 20 சதவீதமானது, அறிவிப்பு வந்த மறுநாளே அமல். 2025 மே கடைசியில் அதை 10 ஆகக் குறைத்தபோது 20 கட்டி எடுத்த எண்ணெயைக் கையில் வைத்திருந்தவர்களுக்கு நஷ்டம். அதனால் விதி இரண்டு பக்கமும் பேச வேண்டும்.

மன்னார்குடி, ஓய்வுபெற்ற ஆசிரியர்

விலை பற்றியது என்று புரிந்தது, நன்றி. அப்படியானால் நம்மிடமே சொல் இருக்கிறதே. நிலத்தைக் குத்தகைக்கு விட்டால் விளைந்தாலும் பொய்த்தாலும் பேசிய நெல்லை அளக்க வேண்டும். வாரத்துக்கு விட்டால் விளைச்சலைப் பங்கு போடுவோம். ஏறினாலும் விற்பவர் தலையில் என்றால் ‘வரிக்குத்தகை’, இருவரும் பங்கிட்டால் ‘வரிவாரம்’.

தஞ்சாவூர், ஒப்பந்த மொழிபெயர்ப்பாளர்

ஐயா, படித்ததும் மனசுக்குப் பிடித்துவிட்டது. ஆனால் ‘வரிக்குத்தகை’ என்றால் வரி வசூலிக்கும் உரிமையை ஏலத்தில் எடுப்பது என்று வரலாற்றில் ஏற்கெனவே பொருள் இருக்கிறது. ‘வரிவாரம்’ என்றால் சென்னைக்காரர் ஏழு நாள் என்று நினைப்பார். பொதுப்பெயராக ‘வரிமாற்றப் பொறுப்பு’ என்று வைக்கிறேன், பங்கிடும் வகைக்கு ‘வரிமாற்றப் பங்கீடு’. வரைவு இப்படி வருகிறது:

“வரிமாற்றப் பொறுப்பு: விலை 310 ரூபாயில் சரக்கு விலையும் வரியும் இணைப்பில் தனித்தனியே காட்டப்பட்டுள்ளன. சுங்கச் சட்டத்தின்படி வரி கணக்கிடப்படும் நாளில், தடுப்பு வரி உட்பட எந்தச் சுங்கவரி ஏறினாலும் இறங்கினாலும் அந்த வித்தியாசம் இருவருக்கும் சரிபாதி. வாங்குபவர் பங்கு ஒன்றுக்கு 20 ரூபாயைத் தாண்டினால் அவர் ஆர்டரை ரத்து செய்யலாம். முன்பணம் ஏழு நாளில் திரும்பும்.”

கும்பகோணம், பாத்திரக்கடை

அம்மா, இந்தக் கணக்கில் என் பங்கு 33.50 வந்திருக்கும், நான் ரத்து செய்திருப்பேன். ஆனால் வைகாசி முகூர்த்தத்துக்கு 2,000 ஃபிளாஸ்க்குக்கு எங்கே போவேன்? ரத்து பண்ணும் உரிமையோடு, வேறு சரக்கு தேட எத்தனை நாள் முன்னால் எனக்குச் சொல்ல வேண்டும் என்பதையும் எழுதுங்கள். பெயர் நன்றாக இருக்கிறது. கடையில் ‘வரிப்பொறுப்பு’ என்று சுருக்கித்தான் சொல்வோம்.

மயிலாடுதுறைக்காரன்

அவர் கேட்பது சரி. அரசிதழ் அறிவிப்பு வந்த மூன்று வேலை நாளுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும் என்று போடுங்கள். ‘வரிப்பொறுப்பு’ என்று சுருக்குவதில்தான் எனக்குத் தயக்கம். சுங்க அலுவலகத்தில் அதைக் கேட்டால் வரி கட்டும் கடமை என்று எடுத்துக்கொள்வார்கள், அது எப்போதும் இறக்குமதியாளருடையது. ‘மாற்றம்’ உள்ளே இருக்கட்டும்.