பலூனைத் தேய்த்தும் மகளின் முடி எழவில்லை: மண்டபத்திலிருந்து ஒரு சந்தேகம்

கேட்பவர் (மண்டபம்):
மதுரையில் என் அண்ணன் வீட்டுக் குளிரூட்டிய அறையில் பலூனைத் தலையில் தேய்த்தபோது, ஏழு வயது மகளின் முடி சிலிர்த்து எழுந்தது. காகிதத் துண்டுகளும் பலூனில் தாவி ஒட்டின. இங்கே வீட்டில், மாலையில் முப்பது முறை தேய்த்தும் ஒன்றுமே நிகழவில்லை. முடி ஏன் எழுகிறது என்று அவள் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். காகிதம் நமத்துப்போனதுதான் காரணமா?

மறுமொழி 1 (தொண்டி):
கடற்கரைக் காற்றில் ஈரம் மிகுதி. ஈரக் காற்று மின்சாரத்தைக் கடத்துவதால் மின்னேற்றம் காற்றில் கலந்துவிடுகிறது. மழைக்காலம் முடியும்வரை இதை விட்டுவிடுங்கள்.

மறுமொழி 2 (கீழக்கரை):
எங்கள் வீட்டில் குளிர்சாதனப் பெட்டியைத் தொட்டாலே கை சுரீர் என்கிறது. இதுவும் அதுதானே?

மறுமொழி 3 (பரமக்குடி, ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்):
கீழக்கரை நண்பரே, தொடும்போதெல்லாம் சுரீர் என்றால் அது மின்கசிவாக இருக்கலாம். இன்றே இணைப்பைத் துண்டித்து, மின்பணியாளரை அழைத்து நில இணைப்பைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

அம்மா, ஈரம்தான் காரணம் என்பது சரி. ஆனால் மின்னேற்றம் பெரும்பாலும் காற்றின் வழியே போவதில்லை. பலூன்மீதும் முடிமீதும் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் படிகிறது. உப்பும் வியர்வையும் அதில் கரைந்திருப்பதால் மின்னேற்றம் அதன் வழியே உங்கள் கைக்கு வழிந்துவிடுகிறது. காகிதத்தைக் குறை சொல்ல வேண்டாம், சற்று நமத்த காகிதமும் தாவும். மகளின் தலையில் எண்ணெய் இருந்ததா? சீயக்காய் தேய்த்துக் குளித்து, முடி நன்கு உலர்ந்தபின், கடற்காற்று எழுவதற்கு முன்பான வெயில் நேரத்தில், புதிய பலூனை முடிச்சில் மட்டும் பிடித்துத் தேய்த்துப் பாருங்கள்.

அவளிடம் இப்படிச் சொல்லலாம்: தேய்க்கும்போது முடியிலிருந்து எலக்ட்ரான்கள் பலூனுக்குப் போகின்றன, எல்லா முடிகளும் ஒரே வகை மின்னேற்றம் பெறுவதால் ஒன்றையொன்று தள்ளி விலகி நிற்கின்றன.

கேட்பவர்:
ஐயா, தேங்காய் எண்ணெய் வழிய வழியத் தடவியிருந்தேன். ஞாயிறு காலை பதினொரு மணிக்கு நீங்கள் சொன்னபடி செய்தோம். முடி எழுந்தது, மிளகளவு காகிதத் துண்டுகள் இரண்டு விரற்கடை உயரம் தாவின. ஆனால் சில துண்டுகள் ஒட்டிய உடனே தெறித்து விழுந்தன. முடி ஏன் எலக்ட்ரானைக் கொடுக்கிறது, பலூன் ஏன் கொடுப்பதில்லை என்றும் கேட்கிறாள்.

மறுமொழி 3:
தெறித்தவைதான் நமத்த துண்டுகள். ஈரமிருப்பதால் அவை பலூனின் மின்னேற்றத்தை விரைவாக வாங்கிக்கொண்டு, தாமும் அதே வகையாகி விலக்கப்படுகின்றன. சில துண்டுகளை மட்டும் வெயிலில் காயவைத்துப் பாருங்கள், அவை நெடுநேரம் ஒட்டியிருக்கும்.

அவளுடைய இரண்டாவது கேள்விக்கு அறிவியலாளர்களே இன்னும் முழு விடை காணவில்லை என்று அவளிடம் சொல்லுங்கள்.