சேர்த்துச் செய்த குடும்பப் படம்: வீட்டாருக்குக் கடிதம் எப்படி எழுதுவது?

யாழ்ப்பாணத்தில் ஸ்ரூடியோ வைத்திருக்கிறேன். ஒரு அம்மாவின் 80 ஆவது பிறந்தநாளுக்காக, ரொறன்ரோவில் இருக்கும் மூத்த மகன், பாரிஸில் இருக்கும் மகள், மெல்பேர்ணில் இருக்கும் இளைய மகன் மூவரின் படங்களையும் வாங்கி, அம்மாவை இங்கே எடுத்துச் சேர்த்துச் செய்தேன். படத்தைப் பார்த்ததும் அம்மா, "இது சின்னவன் இல்லை" என்று சொல்லிவிட்டார். சின்னவரோ, "நல்லாத்தானே இருக்கு" என்கிறார். எல்லாருக்கும் விளக்கிக் கடிதம் எழுத வேண்டும். என்ன எழுதலாம்?

மதுரை வாசகர்: போனில் எடுத்த செல்ஃபியா? கண்ணாடி மாதிரி இடம் வலம் மாறித்தான் வரும். போனின் கோளாறு என்று எழுதிவிடுங்கள்.

பழைய லேப் ஆள்: எல்லா போனும் அப்படிச் சேமிப்பதில்லை. முதலில் சட்டைப் பையைப் பாருங்கள். எந்தப் பக்கம் இருக்கிறது?

கேட்டவர்: பை வலது மார்பில் இருக்கிறது. மூலப் படத்தில் இடதில்தான். திருப்பியது நான்தான். அம்மாவுக்கு வெளிச்சம் இடப்பக்கமிருந்து, சின்னவர் படத்தில் வலப்பக்கமிருந்து. பொருந்தட்டும் என்று திருப்பினேன். கன்னத்து மச்சமும் வகிடும் மாறியதைக் கவனிக்கவில்லை.

பழைய லேப் ஆள்: அதுதான். அவர் தன் முகத்தை நாள்தோறும் கண்ணாடியில் பார்ப்பவர், அதனால் அவருக்கு உறுத்தவில்லை. அம்மா பார்த்து வளர்த்தது நேர் முகம். கடிதத்தில் இதையே மறைக்காமல் எழுதுங்கள்: "அம்மா சொன்னது சரி. வெளிச்சம் பொருந்துவதற்காகத் தம்பியின் படத்தை இடம் வலமாகத் திருப்பினேன். அதனால் மச்சம் மறு கன்னத்துக்குப் போய்விட்டது. நால்வரும் ஒரே இடத்தில் நிற்கவில்லை. நான்கு ஊர்ப் படங்களைச் சேர்த்தது."

படத்தை வெறுமனே திரும்ப மாற்றினால் மூக்கின் நிழல் எதிர்ப்பக்கம் விழும், பார்த்ததும் தெரியும். அவரிடம் புதுப் படம் கேளுங்கள். வெயில் நேராகப் படாத வராந்தாவில் நிற்கட்டும். அங்கே நிழல் மென்மையாக இருப்பதால் எந்தப் பக்கமும் ஒட்டும். வேறொருவர் இரண்டு மீட்டர் தள்ளி நின்று, போனை நெஞ்சு உயரத்தில் பிடித்து, பின்பக்கக் கேமராவால் எடுக்கட்டும். கை நீட்டி எடுத்தால் மூக்கு பெரிதாகிவிடும். வாட்ஸ்அப்பில் டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள், படமாக அனுப்பினால் சுருங்கிவிடும்.

திருச்சி அக்கா: எங்கள் அப்பா இறந்தபின் தங்கை கல்யாணப் படத்தில் அவரைச் சேர்த்தோம். பாஸ்போர்ட் போட்டோவிலிருந்து எடுத்த தலை, உடம்பு சித்தப்பாவுடையது. அம்மா இன்றைக்கும் அந்தக் கையைப் பார்த்துத்தான் அழுவார், "இது அவர் கை இல்லை" என்று. யாருடைய உடம்பையாவது சேர்த்திருந்தால் அதையும் எழுதுங்கள்.

கேட்டவர்: உடம்பு எதையும் மாற்றவில்லை அக்கா. ஆனால் மூத்தவரின் உயரத்தைக் குத்துமதிப்பாகத்தான் வைத்தேன். மூவரிடமும் உயரத்தைச் சென்டிமீட்டரில் கேட்டு, அதையும் கடிதத்தில் சேர்க்கிறேன்.

ரொறன்ரோ வாசகர்: இன்னொரு வரி கட்டாயம் வேண்டும். ஸ்பொன்சர் விண்ணப்பத்தில் குடும்பமாகச் சந்தித்ததற்கு ஆதாரமாக இந்தப் படத்தை வைக்கவே கூடாது. பொய்த் தகவல் என்று கனடா தீர்மானித்தால் 5 ஆண்டுத் தடை வரும்.

கேட்டவர்: நான் யோசிக்கவே இல்லை. எழுதிவிடுகிறேன். படத்தின் பின்பக்கத்திலும் "சேர்த்துச் செய்தது" என்று எழுதட்டுமா?

மதுரை வாசகர்: பரிசுப் பொருளில் அது எதற்கு?

பழைய லேப் ஆள்: பேரப்பிள்ளைகளுக்குக் கடிதம் கிடைக்காது, படம்தான் கிடைக்கும். நானாக இருந்தால் எழுதுவேன்.

கேட்டவர்: அம்மாவிடமே கேட்கிறேன். மெல்பேர்ணுக்குச் செய்தி அனுப்பிவிட்டேன்.