உதவி தேவை: வாடிக்கையாளர் முகவரிகளை எங்கள் ப்ராஜெக்டில் நகலெடுத்து வைக்கலாமா? முடிவு எடுக்க வேண்டியவர் யார்?

பொங்கோல்வாசி எழுதியது:

வணக்கம். சிங்கப்பூரில் வீடுகளுக்குப் பொருள் கொண்டுசேர்க்கும் ஒரு நிறுவனத்தில் சொல்யூஷன் ஆர்க்கிடெக்டாக வேலை செய்கிறேன். வேன் ஓட்டுநர்களுக்கு அன்றன்றைய பாதையை வகுத்துக் கொடுக்கும் புதிய அமைப்பு என் பொறுப்பில் இருக்கிறது. அதிகாலை 4.30 மணிக்குத் தொடங்கி 4.45-க்குள் ஏறத்தாழ 6,000 முகவரிகளுக்கும் பாதை தயாராக வேண்டும். அதன் பிறகு கிடங்கில் பொருள்களை ஏற்றத் தொடங்கிவிடுவார்கள். பாதையைக் கணக்கிடுவதற்கு மட்டும் 8 நிமிடம் ஆகிறது.

சிக்கல் முகவரிகளை எடுப்பதில்தான். அவை வாடிக்கையாளர் மைய அமைப்பில் இருக்கின்றன. அதைப் பராமரிப்பது வேறொரு குழு. அவர்களுடைய ஏபிஐயை ஒருமுறை அழைத்தால் ஒரே ஒரு வாடிக்கையாளரின் விவரம் வரும்; அதற்கு 150 மில்லிவினாடி ஆகும். ஒன்றன்பின் ஒன்றாக 6,000 முறை அழைத்தால் 15 நிமிடமும் அதிலேயே போய்விடும். ஒரே நேரத்தில் பல அழைப்புகளை அனுப்பலாம் என்றால், கேட்வே நொடிக்கு 10 அழைப்புகளுக்கு மேல் எங்களை விடாது. அப்படியும் 10 நிமிடம்.

ஆகவே, ஒவ்வோர் இரவும் வாடிக்கையாளர் அட்டவணை முழுவதையும் எங்கள் தரவுத்தளத்துக்கு நகலெடுக்கும்படி வடிவமைத்தேன். எண்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்ட் மறுத்துவிட்டார். மூலத் தரவுக்கு நகல் கூடாது என்பது நிறுவனத்தின் நெறி என்கிறார். ப்ராஜெக்ட் மேலாளரோ, "சொல்யூஷன் உங்களுடையது, நீங்களே முடிவு செய்யுங்கள்" என்கிறார். அடுத்த வாரம் ஆர்க்கிடெக்சர் ஆய்வுக் குழுவின் கூட்டம் இருக்கிறது. இதில் உண்மையில் முடிவெடுக்கும் உரிமை யாருக்கு?

ஜூரோங்_கிழக்கு எழுதியது:

இதில் குழப்பமே இல்லை. நெறியை வகுப்பவர் எண்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்ட், அதற்குள் நின்று வடிவமைப்பவர் சொல்யூஷன் ஆர்க்கிடெக்ட். அவர் கூடாது என்றால் கூடாது. உங்களுக்கு இருக்கும் ஒரே வழி, ஆய்வுக் குழுவிடம் விதிவிலக்கு கேட்பது. மேலே உள்ள கணக்கை அப்படியே காட்டுங்கள், கொடுத்துவிடுவார்கள். எங்கள் நிறுவனத்தில் அப்படித்தான் நடக்கிறது.

புதியவன்22 எழுதியது:

நானும் இந்தத் துறைக்கு வரலாம் என்று இருக்கிறேன். எண்டர்பிரைஸ் பக்கம் போக டோகாஃப் சான்றிதழ் எடுப்பதா, சொல்யூஷன் பக்கம் போக கிளவுட் சான்றிதழ் எடுப்பதா? எதற்குச் சம்பளம் கூடுதல்?

தேக்கா_வாசகி எழுதியது:

தம்பி, உங்கள் கேள்விக்குத் தனி இழை தொடங்குங்கள், அங்கே வந்து எழுதுகிறேன். இங்கே ஒருவருக்கு அடுத்த வாரம் கூட்டம் இருக்கிறது.

பொங்கோல்வாசி, நான் பல ஆண்டுகள் எண்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்டாக வேலை பார்த்தவள். ஜூரோங் நண்பர் சொல்வது பாதி சரி. விதிவிலக்கு என்ற வழி உண்டு. ஆனால் அவர் சொல்வதுபோல எல்லாம் மேலிருந்து கீழே இறங்குவதில்லை. நான் ஒவ்வொரு முடிவிலும் கேட்கும் கேள்வி இது: இந்த முடிவு தவறாகிப்போனால், சரிசெய்யும் வேலை யார் தலையில் விழும்? உங்கள் குழுவின் தலையில் மட்டும் என்றால் முடிவு உங்களுடையது, எண்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்ட் ஆலோசனை சொல்லலாம், தடுக்கக் கூடாது. மற்ற குழுக்களும் சேர்ந்து சுமக்க வேண்டும் என்றால் அது உங்கள் ப்ராஜெக்டின் எல்லையைத் தாண்டிய முடிவு.

இதை வைத்து உங்கள் பிரச்சினையைப் பாருங்கள். எந்தத் தரவுத்தளம், எந்தக் கணக்கு முறை, எத்தனை அழைப்புகளை ஒன்றாக அனுப்புவது என்பதெல்லாம் உங்களுடையது. வாடிக்கையாளர் அட்டவணையை முழுவதும் நகலெடுப்பது அப்படியல்ல. நாளைக்கு மைய அமைப்பினர் ஒரு பத்தியின் பெயரை மாற்றினால் உங்கள் அதிகாலை வேலை உடையும்; அவர்களால் தங்கள் அட்டவணையையே சுதந்திரமாக மாற்ற முடியாமல் போகும். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது. தேவை முடிந்த பிறகும் தனிநபர் விவரத்தை வைத்திருக்கக் கூடாது, வாடிக்கையாளர் கேட்டால் திருத்த வேண்டும். உங்கள் நகல் அந்தக் கடமைகள் எல்லாவற்றுக்கும் இன்னோர் இடமாகிவிடும். ஆகவே உங்கள் எண்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்ட் தடுத்தது அவருடைய அதிகாரத்துக்கு உட்பட்டதுதான்.

ஆனால், முகவரி எவ்வளவு பழையதாக இருந்தால் பரவாயில்லை என்ற கேள்வியை நீங்கள் இருவருமே கேட்கவில்லை. நேற்று இரவு நிலவரம் போதுமா, 4.30 மணி நிலவரம்தான் வேண்டுமா? இதைச் சொல்ல வேண்டியவர் விநியோகப் பிரிவின் மேலாளர். தவறான வீட்டுக்குப் போன வேனுக்குப் பதில் சொல்லப்போகிறவர் அவர்தான். அவர் சொல்லாதவரை நீங்கள் இருவரும் வாதிடுவதற்கு அடிப்படையே இல்லை.

இன்னொன்று. பாதை வகுக்க என்னென்ன விவரம் வேண்டும்? இந்த ஊரில் ஆறிலக்க அஞ்சல் குறியீடு இருந்தாலே கட்டடத்துக்குப் போய்விடலாம். வீவக பிளாக் ஒவ்வொன்றுக்கும் தனிக் குறியீடு இருக்கிறது. பெயர், தொலைபேசி எண், வீட்டு எண் எல்லாம் ஓட்டுநர் வாசலுக்குப் போகும்போதுதான் வேண்டும். அப்போது ஒரு வாடிக்கையாளருக்கு ஓர் அழைப்பு, 150 மில்லிவினாடி யாருக்கும் தெரியாது. அதோடு, ஆர்டர் கொடுத்தபோது எழுதிய முகவரி ஆர்டர் அமைப்பிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது ஆர்டருக்குச் சொந்தமான விவரம், வாடிக்கையாளர் விவரத்தின் நகல் ஆகாது.

ராஃபிள்ஸ்_மாடி எழுதியது:

நான் வங்கியில் இருக்கிறேன். எங்களிடம் இந்த வாக்குவாதமே வராது. முக்கிய அமைப்பு ஒன்று விழுந்தால் 4 மணி நேரத்துக்குள் மீட்க வேண்டும், எதிர்பாராத தடங்கல் 12 மாதங்களில் மொத்தம் 4 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, சம்பவம் தெரிந்த 1 மணி நேரத்துக்குள் சிங்கப்பூர் நாணய ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். இவற்றைத் தொடும் எதையும் எந்த ஆர்க்கிடெக்டும் தனியாக முடிவு செய்வதில்லை, இடர் மேலாண்மைப் பிரிவு கையெழுத்திட வேண்டும். நீங்களும் முதலில் அவர்களிடம் போங்கள்.

தேக்கா_வாசகி எழுதியது:

அந்த விதிகள் நாணய ஆணையத்தின் மேற்பார்வையில் உள்ள நிதி நிறுவனங்களுக்கு உரியவை. இவருடைய நிறுவனம் பொருள் கொண்டுசேர்ப்பது. ஆனால் அமைப்பு விழுந்தால் என்ன செய்வது என்று நீங்கள் கேட்பது இவருக்கும் பொருந்தும். 4.30 மணிக்கு கேட்வே வேலை செய்யாவிட்டால் என்ன ஆகும், பொங்கோல்வாசி?

பொங்கோல்வாசி எழுதியது:

அக்கா, நீங்கள் சொன்னபடி விசாரித்துவிட்டு வந்தேன்.

விநியோக மேலாளர் சட்டென்று பதில் சொல்லிவிட்டார். முந்தைய நாள் இரவு 8 மணிக்குப் பிறகு முகவரியை மாற்ற வாடிக்கையாளர்களை இப்போதே அவர்கள் அனுமதிப்பதில்லை. ஆகவே 8 மணி நிலவரம் போதும்.

ஆர்டர் அமைப்பையும் பார்த்தேன். ஒருமுறை வாங்கும் ஆர்டர்களில் முகவரி முழுதாக இருக்கிறது, 8 மணி வரை செய்யும் மாற்றங்களும் அதிலேயே பதிவாகின்றன. வாராவாரம் தொடர்ந்து போகும் ஆர்டர்களில் வாடிக்கையாளர் எண் மட்டும்தான் இருக்கிறது. நாள்தோறும் 6,000-இல் சுமார் 1,400 அந்த வகை. அவற்றுக்கு மட்டும் மைய அமைப்பை அழைத்தால், நொடிக்கு 10 வீதம் 140 நொடிகள். பாதைக் கணக்கின் 8 நிமிடத்தோடு சேர்த்தாலும் பத்தரை நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிறது. நகலே தேவைப்படவில்லை.

இதை எண்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்டிடம் காட்டினேன், ஒத்துக்கொண்டார். நெறியை மீறாததால் விதிவிலக்கும் வேண்டாம், ஆய்வுக் குழுவுக்குத் தகவல் சொன்னால் போதும் என்றார்.

ஆனால் கேட்வே விழுந்தால் என்ன என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. தொடர் ஆர்டர்களின் வாடிக்கையாளர் எண்ணையும் அஞ்சல் குறியீட்டையும் மட்டும் முந்தைய இரவு எடுத்துவைத்து, மறுநாள் அழித்துவிடலாம் என்று நினைக்கிறேன். அது மட்டும் நகல் ஆகாதா?

தேக்கா_வாசகி எழுதியது:

ஆகும். சிறியதானாலும் நகல்தான், வாடிக்கையாளர் எண்ணோடு சேர்ந்திருப்பதால் தனிநபர் விவரமும்தான். அதற்குத்தான் இப்போது விதிவிலக்கு கேளுங்கள். எதை எடுத்துவைக்கிறீர்கள், எத்தனை மணி நேரம், யார் அழிப்பார், எந்த நாளில் இந்த விதிவிலக்கு முடிகிறது என்று ஒரே பக்கத்தில் எழுதுங்கள். டோகாஃப் வழிமுறையிலும் விதிவிலக்கு ஒரு காலத்துக்கு மட்டுமே கொடுக்கப்படும். முடிவு நாள் இல்லாத விதிவிலக்கு ஆண்டுக்கணக்கில் கிடந்து, கடைசியில் அதை யார் கொடுத்தார்கள் என்பதே தெரியாமல் போவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

உங்கள் முடிவு எதுவரை தாங்கும் என்பதையும் எழுதிவையுங்கள். 15 நிமிடத்தில் 8 போக 7 நிமிடம், நொடிக்கு 10 வீதம் 4,200 அழைப்புகள். தொடர் ஆர்டர்கள் அந்த எண்ணிக்கையை நெருங்கினால் இந்த வடிவமைப்பை மறுபடி பார்க்க வேண்டும்.

ஜூரோங்_கிழக்கு எழுதியது:

4,200 வரை தாங்காது. ஆர்டர்கள் கூடினால் மொத்த முகவரிகளும் கூடும், பாதைக் கணக்கும் 8 நிமிடத்தில் நிற்காது. 3,000-ஐத் தொட்டாலே எச்சரிக்கை வரும்படி வையுங்கள்.

அப்புறம், ஒரே அழைப்பில் 100 வாடிக்கையாளர்களின் விவரத்தைத் தரும்படி அந்த ஏபிஐயை மாற்றினால் இந்தப் பிரச்சினையே இருக்காதே? அதை ஏன் யாரும் கேட்கவில்லை?

பொங்கோல்வாசி எழுதியது:

நன்றி அண்ணன், 3,000 என்றே எழுதிக்கொள்கிறேன்.

அந்த மாற்றத்தைக் கேட்டேன். மைய அமைப்பின் குழு செய்யத் தயார், ஆனால் எங்கள் ப்ராஜெக்ட் பணம் கொடுக்க வேண்டும் என்கிறார்கள். எங்கள் மேலாளர், எல்லாக் குழுக்களுக்கும் பயன்படும் வேலைக்கு நாங்கள் மட்டும் ஏன் கொடுக்க வேண்டும் என்கிறார். எண்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்டுக்கு அந்த மாற்றம் பிடித்திருக்கிறது, ஆனால் அவர் கையில் பட்ஜெட் இல்லை.

தேக்கா_வாசகி எழுதியது:

நெறியை வகுக்கும் அதிகாரம் இருக்கும், அதை நடைமுறைப்படுத்தப் பணம் இருக்காது. பல நிறுவனங்களில் எண்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்டின் நிலை இதுதான். பொதுவான ஏபிஐகளுக்கு ஐடி தலைவரிடம் தனி ஒதுக்கீடு இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

ஜூரோங்_கிழக்கு எழுதியது:

நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். முதலில் தேவைப்படுகிறவர்தான் கொடுக்க வேண்டும். பொது ஒதுக்கீடு என்று வைத்தால் யாருக்கும் தேவைப்படாத ஏபிஐகளாகச் செய்துகொண்டிருப்பார்கள்.

பொங்கோல்வாசி எழுதியது:

இதை இரண்டு தாள்களாகப் பிரித்துக் குழுவின் முன் வைக்கப்போகிறேன். கேட்வே விழும் நாளுக்கான அஞ்சல் குறியீட்டு நகலுக்கு ஆறு மாத விதிவிலக்கு கேட்பது ஒன்று. தொகுப்பு அழைப்புக்கு யார் பணம் கொடுப்பது என்று ஐடி தலைவரிடம் கேட்பது இன்னொன்று. முதலாவதற்குச் சம்மதம் கிடைத்தால் போதும், என் ப்ராஜெக்ட் நகரும்.