“நீச்சல் குளம் இல்லாத ஓட்டல்”: இந்தத் தேடல் பிழைக்கு என்ன சொல் வைக்கலாம்?

தரமணியிலிருந்து:
அனைவருக்கும் வணக்கம். பொருள்வழித் தேடலில் எதிர்மறை தவறிப்போகிறதே, அதற்கு ஒரு சொல் வேண்டும். நடக்கத் தொடங்கியிருக்கும் பேரனோடு கோவளம் பக்கம் தங்க அக்கா இடம் தேடினார். “நீச்சல் குளம் இல்லாத ஓட்டல்” என்று போட்டால், வந்த படமெல்லாம் குளமும் கரையில் நாற்காலியும்தான். ‘எதிர்மறைக் குருடு’ எனலாமா?

அம்பத்தூரிலிருந்து:
‘இல்லாத’ போன்ற சொற்களைத் தேடுபொறி முதலிலேயே கழித்துவிடுகிறது. ‘சொல் உதிர்வு’ போதுமே.

மயிலாப்பூரிலிருந்து:
அது சொல்லுக்குச் சொல் பொருத்தும் பழைய தேடலில் நடப்பது. இங்கே எந்தச் சொல்லும் உதிர்வதில்லை. வாக்கியம் முழுவதும் அதன் பொருளைக் குறிக்கும் எண்வரிசையாக, அதாவது ஒரே வெக்டராகச் சுருங்குகிறது. ‘குளம் உண்டு’, ‘குளம் இல்லை’ இரண்டும் ஒரே மாதிரிப் பேச்சில் வருவதால், அவற்றின் வெக்டர்கள் அருகருகே உட்கார்ந்துவிடுகின்றன. ‘இல்லாத’ அதைக் கொஞ்சம் அசைக்கும், அவ்வளவுதான்.

இன்னொரு காரணம் ஓட்டல்காரர்கள் எழுதும் விதம். குளம் வைத்திருப்பவர் அதை முதல் வரியிலேயே போடுவார். இல்லாதவர் “எங்களிடம் குளம் இல்லை” என்றா எழுதுவார்? “ஏசி அறை, கார் நிறுத்த இடம், காலையில் இட்லி” என்று முடித்துவிடுவார். அக்காவுக்கு வேண்டிய பக்கத்தில் குளம் என்ற பேச்சே கிடையாது. அதனால்தான் அது பட்டியலில் கீழே போய்விடுகிறது.

சந்தேகமிருந்தால் ‘இல்லாத’ என்பதை ‘உள்ள’ என்று மாற்றித் தேடிப் பாருங்கள். முதல் பத்தும் ஏறக்குறைய அதே பத்தாக இருக்கும்.

மாம்பலத்திலிருந்து:
அமாவாசைக்கு நான் “வெங்காயம் பூண்டு இல்லாத சாம்பார்” என்று தேடுவேன். எனக்குச் சரியாகத்தான் வருகிறது. தேடுபொறியை மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

மயிலாப்பூரிலிருந்து:
அம்மா, நல்ல உதாரணம். சமையல் குறிப்பு எழுதுபவர்கள் “பூண்டு இல்லாமல்” என்று தலைப்பிலேயே போடுகிறார்கள். இன்மையை எழுதிவைத்திருப்பதால் அது அகப்படுகிறது. ஆகவே ‘இன்மை வழு’ என்பது என் பரிந்துரை. ‘குருடு’ வேண்டாம், உடற்குறையைப் பிழைக்குப் பெயராக்குவது சரியில்லை.

தரமணியிலிருந்து:
‘குருடு’ என்பதைத் திரும்பப் பெறுகிறேன் ஐயா. ஆனால் “ரிசார்ட் அல்லாத ஓட்டல்” என்று கேட்டாலும் ரிசார்ட்டுகள் வருகின்றன. அது இன்மை இல்லையே, அன்மை. ‘எதிர்மறை வழு’ என்றால் இரண்டும் அடங்கும்.

அப்புறம், எங்கள் அலுவலகத்தில் கேள்வியை இரண்டாக வெட்டுகிறோம். “கோவளம் ஓட்டல்” மட்டும் வெக்டர் தேடலுக்குப் போகும். குளம் வடிகட்டிக்குப் போகும்:

```
pool = false
```

சிக்கல் என்னவென்றால், பல ஓட்டல்கள் அந்தக் கட்டத்தை நிரப்புவதே இல்லை. வெற்றுக் கட்டத்தை ‘இல்லை’ என்று எடுத்தால் குளம் உள்ள இடமும் நுழைந்துவிடும். ஒதுக்கினால் சின்ன லாட்ஜுகள் காணாமல் போகும். இதற்கும் ஒரு சொல் வேண்டும்.

அம்பத்தூரிலிருந்து:
அதற்குக் ‘குறிப்பின்மை’ பொருந்தும். ஆனால் ‘வழு’ எனக்கு உறுத்துகிறது. இலக்கணத்தில் வழு என்பது சொல்பவர் செய்யும் பிழை. அக்கா கேட்ட வாக்கியத்தில் பிழையே இல்லையே. ‘எதிர்மறை நழுவல்’ எப்படி?