டி.எஸ்.எச். நார்மல், ஆனால் விழுங்கும்போது அடைக்கிறது: யாருக்காவது இந்த அனுபவம் உண்டா?

கயல்விழி:
அம்மாவுக்குக் கழுத்தின் முன்பக்கம் வீக்கம் பல வருடமாகவே உண்டு. வலி இல்லை. தைராய்டு ரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.எச். எப்போது பார்த்தாலும் 2க்குப் பக்கத்தில், நார்மலாகத்தான் வரும். அதனால் விழுங்கும்போது அடைக்கிறது என்று அவர் சொன்னபோதெல்லாம் அசிடிட்டி மாத்திரைதான் கிடைத்தது. போன மாதம் ஒரு அறுவை சிகிச்சை மருத்துவரிடம் போனோம். அவர் ரிப்போர்ட்டைக் கையில் எடுக்கும் முன்பே ஒரு டம்ளர் தண்ணீரைக் கொடுத்து மெல்லக் குடிக்கச் சொல்லி, கழுத்தையே கவனித்தார். ஒவ்வொரு மடக்குக்கும் வீக்கம் மேலே ஏறி இறங்கியது. பிறகு பின்னால் நின்று விரல்களால் தடவிப் பார்த்துவிட்டு, "கீழ் விளிம்பு கைக்குச் சிக்கவில்லை" என்றார். அப்புறம் இரண்டு கைகளையும் காதை ஒட்டித் தலைக்கு மேல் தூக்கி அப்படியே வைத்திருக்கச் சொன்னார்.

ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. அம்மாவின் முகம் கருஞ்சிவப்பாகிவிட்டது, கழுத்து நரம்புகள் புடைத்துக்கொண்டன, "மூச்சு முட்டுது டாக்டர்" என்றார். அந்த முகம் இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை. சி.டி. எடுத்ததில், தைராய்டு நெஞ்செலும்புக்குப் பின்னால் வரை இறங்கி மூச்சுக்குழாயை ஒரு பக்கமாகத் தள்ளியிருப்பது தெரிந்தது. பழைய அல்ட்ராசவுண்ட் ரிப்போர்ட்டிலேயே, இடது பக்கத்தின் கீழ்முனையைப் பார்க்க முடியவில்லை என்று ஒரு வரி இருந்திருக்கிறது. அதைப் பற்றி எங்களிடம் யாரும் பேசவே இல்லை. இப்படி வேறு யாருக்காவது நடந்ததா?

செல்வம்:
எனக்கும் கழுத்து வீக்கம்தான். டி.எஸ்.எச். 11 இருந்தது. தைராக்ஸின் ஆரம்பித்த பிறகு வீக்கம் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வற்றியது, அடைப்பும் போனது. உங்கள் அம்மாவுக்கும் மாத்திரையை முதலில் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கத்தி வைப்பது கடைசியில்தான். டி.எஸ்.எச். நார்மல் என்றால் சுரப்பி நன்றாக இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

ரேவதி:
நான் ஸ்கேன் பிரிவில் பல வருடமாக வேலை பார்க்கிறேன். செல்வம் சார் சொல்வது அவருடைய நோய்க்குச் சரி, கயல்விழியின் அம்மாவுக்குப் பொருந்தாது. செல்வம் சாருக்கு ஹார்மோன் குறைந்ததால், சுரப்பியை வேலை வாங்க மூளையிலிருந்து டி.எஸ்.எச். அதிகமாக வந்தது. அந்த உந்துதலில் சுரப்பி பெருத்திருக்கும். மாத்திரை கொடுத்ததும் உந்துதல் குறைந்தது, வீக்கமும் குறைந்தது. டி.எஸ்.எச். 2 என்றால் குறைப்பதற்கு அங்கே அதிகப்படி உந்துதலே இல்லை. மாத்திரையால் சுருக்க வேண்டுமென்றால் டி.எஸ்.எச்.ஐ நார்மலுக்குக் கீழே இறக்க வேண்டும். வயதானவர்களுக்கு அப்படிச் செய்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகலாம், எலும்பும் தேயும். பல கட்டிகள் சேர்ந்த பெரிய வீக்கம் அதில் பெரிதாகச் சுருங்குவதும் இல்லை. முன்பு செய்து பார்த்த வழி, இப்போது பெரும்பாலும் கைவிட்டுவிட்டார்கள்.

டி.எஸ்.எச். சொல்வது ஹார்மோன் அளவு போதுமா என்பதை. சுரப்பி எவ்வளவு பெரிது, எந்தப் பக்கம் வளர்கிறது என்பது அதில் தெரியாது. அல்ட்ராசவுண்ட் எலும்பைத் தாண்டாது. அதனால் கீழ்முனை தெரியவில்லை என்று ரிப்போர்ட்டில் இருந்தால், "அப்படியானால் அது எங்கே முடிகிறது?" என்று கேட்டே ஆக வேண்டும். பதில் சி.டி.யில்தான் கிடைக்கும். இன்னொன்று, இப்படிப்பட்ட சுரப்பிக்கு அயோடின் மருந்து ஏற்றி சி.டி. எடுத்தால் சில வாரம் கழித்து ஹார்மோன் எகிறிவிடுவது உண்டு. நெருக்கத்தை மட்டும் பார்க்கப் பெரும்பாலும் மருந்து ஏற்றாத சி.டி.யே போதும்.

மணிமேகலை:
எனக்கும் இதேதான்! தொண்டையில் ஏதோ உருண்டை நிற்பது போல எப்போதும் இருக்கிறது. வெளியே வீக்கம் ஒன்றும் தெரியாது. சாப்பிடும்போது மறந்துவிடுகிறேன், எச்சில் விழுங்கும்போதுதான் தெரிகிறது. ஸ்கேனில் 6 மில்லிமீட்டர் கட்டி இருக்கிறது. அன்றிலிருந்து தூக்கமே இல்லை. கட்டியில் ஊசி குத்தி செல் எடுத்துப் பார்க்கும் ஊசி டெஸ்ட் எடுக்காமல் ஏன் விட்டுவிட்டார்கள்? நானும் கையைத் தூக்கிப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை.

ரேவதி:
மணிமேகலை, உங்களுடையது வேறு கதை. சாப்பாடு தடையில்லாமல் இறங்குகிறது, வெறும் எச்சிலுக்குத்தான் உருண்டை என்றால் குழாயை ஏதோ அழுத்துகிறது என்று நினைக்க வேண்டியதில்லை. 6 மில்லிமீட்டர் கட்டி உணவுக்குழாயை அழுத்தும் அளவு இல்லை. வேறு எதற்காகவோ ஸ்கேன் எடுக்கும்போது இந்த அளவுக் கட்டிகளை நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம். சந்தேகமான தோற்றம் இருந்தால்கூட வழக்கமாக 1 சென்டிமீட்டருக்கு மேல்தான் ஊசி போடுவார்கள். கழுத்தில் நெறிக்கட்டி, குரல் மாற்றம் இருந்தால் மட்டும் கணக்கு வேறு. காது மூக்கு தொண்டை மருத்துவர் குழாய்க் கேமரா வைத்துப் பார்த்தாரா?

மணிமேகலை:
பார்த்தார், சுத்தமாக இருக்கிறது என்றார். ஆனால் உருண்டை அப்படியே இருக்கிறதே?

அருள்:
எல்லோரும் சி.டி.க்கு ஓட ஆரம்பித்துவிடுவார்களோ என்று கவலையாக இருக்கிறது. எனக்கு ஒரே மாலையில் கழுத்தில் எலுமிச்சை அளவு வீங்கி, விழுங்கினால் காது வரை வலித்தது. புற்றுநோய் என்றே முடிவு கட்டிவிட்டேன். சாதாரண அல்ட்ராசவுண்டிலேயே விஷயம் தெரிந்தது: பழைய நீர்க்கட்டிக்குள் ரத்தம் கசிந்திருக்கிறது. ஊசியில் பழுப்புத் திரவம் வந்தது, அடைப்பு உடனே தளர்ந்தது. ஆனால் மறுபடி நிரம்பியது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ரத்தப் பரிசோதனைக்குப் போகிறவர்களுக்கு ஒன்று. முடி வளர, நகம் வளர என்று பயோட்டின் மாத்திரை சாப்பிட்டால் குறைந்தது இரண்டு நாளாவது முன்கூட்டியே நிறுத்திவிட்டுப் போங்கள். சில ஆய்வக முறைகளில் அது டி.எஸ்.எச்.ஐக் குறைவாகவும் தைராய்டு ஹார்மோனான டி4ஐ அதிகமாகவும் காட்டிவிடும். என் மனைவிக்கு அப்படித்தான் தைராய்டு மிகையாகச் சுரக்கிறது என்று எழுதிக் கொடுத்தார்கள். மாத்திரையை நிறுத்திவிட்டு மறுபடி எடுத்தால் எல்லாமே நார்மல். அப்புறம், ஊசி டெஸ்ட்டில் செல்கள் போதவில்லை என்று வந்தால் நல்லது என்றும் அர்த்தமில்லை, கெட்டது என்றும் அர்த்தமில்லை. திரும்ப எடுக்கச் சொல்வார்கள். மருத்துவர் சொன்ன தேதியில் போய்விடுங்கள். அதேபோல் டி.எஸ்.எச். குறைவாக வந்தால் ஊசிக்கு முன் ஐசோடோப் ஸ்கேன் கேளுங்கள். அதில் மருந்தை அதிகமாக இழுக்கும் சூடான கட்டி புற்றுநோயாக இருப்பது அரிது.

கயல்விழி:
அருள் அண்ணா, அம்மாவுக்கு ஊசி டெஸ்ட் முடிந்துவிட்டது. பெதஸ்டா 2, புற்றுநோய் இல்லை. அதுதான் இப்போது குழப்பம். ஒரு மருத்துவர், சாதாரணக் கட்டிதானே, இந்த வயதில் தொடாதீர்கள் என்கிறார். அறுவை சிகிச்சை மருத்துவர் எடுத்துவிடலாம் என்கிறார்.

செல்வம்:
புற்றுநோய் இல்லை என்றால் நான் காத்திருப்பேன். குரல் போய்விட்டவர்களை எனக்குத் தெரியும்.

ரேவதி:
செல்வம் சார், அந்த பயம் நியாயமானதுதான். குரல் நரம்பு சுரப்பியை ஒட்டியே போகிறது. அதனால்தான் அறுவைக்கு முன்பே குரல் நாண்கள் இரண்டும் அசைகின்றனவா என்று பார்த்து எழுதிவைக்க வேண்டும். ஆனால் ஊசி எடுத்தது கைக்கு எட்டிய பகுதியில். நெஞ்செலும்புக்குப் பின்னால் இருப்பதை அது பார்க்கவில்லை. அதோடு, இங்கே எடுக்கச் சொல்வதற்குக் காரணம் புற்றுநோய் இல்லை, நெருக்கம். சி.டி.யில் மூச்சுக்குழாய் மிகக் குறுகிய இடத்தில் எத்தனை மில்லிமீட்டர் என்று கேளுங்கள் கயல்விழி. தள்ளியிருப்பது வேறு, நசுங்கியிருப்பது வேறு. நெஞ்சுக்குள் இறங்கிய சுரப்பியையும் பெரும்பாலும் கழுத்து வழியாகவே எடுத்துவிடுகிறார்கள். அம்மாவால் மல்லாந்து படுக்க முடிகிறதா?

கயல்விழி:
இப்போதுதான் கேட்டேன். ரொம்ப நாளாக ஒருக்களித்துத்தான் படுக்கிறாராம். மல்லாந்தால் அடைக்கிறதாம். எந்த மருத்துவரிடமும் இதைச் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

ரேவதி:
இதை இரண்டு மருத்துவர்களிடமும் சொல்லிவிட்டு, காத்திருக்கலாமா என்று மறுபடி கேளுங்கள். மூச்சை உள்ளே இழுக்கும்போது கீச்சென்று சத்தம் வந்தால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை பொறுக்காமல் அன்றே அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள்.