மடற்குழு விவாதம்: காய்ச்சல் விட்டதும் வரும் சிவப்புக்கு என்ன பெயர் வைப்பது?

கலா (மருத்துவமாது, ஹட்டன் பக்கம்)

வணக்கம். தோட்டத்துப் பிள்ளை மடுவங்களில் ஒட்ட ஒரு தாள் எழுதிக்கொண்டிருக்கிறேன். காய்ச்சலும் மேலில் சிவப்புமாக வரும் மூன்று நோய்களுக்குத் தமிழ்ப் பெயர் வேண்டும். ஒன்று ஸ்கார்லட் காய்ச்சல். இரண்டாவது ரோசியோலா. மூன்றாவது, கன்னத்தில் அறை வாங்கியதுபோல் சிவக்கும் 'ஐந்தாம் நோய்'.

எனக்கு இரண்டே நிபந்தனை. பெயரில் 'அம்மை' என்ற சொல் வரக்கூடாது. அது காதில் விழுந்தால் போதும், லயத்து வாசலில் வேப்பிலை ஏறிவிடும், மருந்து நின்றுவிடும், தண்ணி ஊற்றும் நாள்வரை பிள்ளையை வெளியே கொண்டுவர மாட்டார்கள். ரோசியோலா என்றால் அதனால் ஒன்றும் கெட்டுப்போகாது. ஸ்கார்லட் என்றால் மருந்து தவறிப்போகும்.

இரண்டாவது, பெயரைக் கேட்டதுமே சிவப்பு எப்போது வந்தது என்ற நினைப்பு தாய்க்கு வர வேண்டும். வீட்டுக்குப் போனால் நான் முதலில் கேட்பது "எங்கே போட்டிருக்கு" என்றல்ல. "காய்ச்சல் இருக்கும்போதே போட்டதா, விட்டபிறகா?" என்றுதான்.

ராஜு (தலவாக்கலை)

கலா அக்கா, 'ரோசா அம்மை' என்று எங்கோ பார்த்த ஞாபகம், ஆனால் நீங்கள் அம்மை வேண்டாம் என்கிறீர்கள். அப்படியானால் 'விடுசெம்புள்ளி' எப்படி? காய்ச்சல் விட்டபின் வரும் செம்புள்ளி. மற்ற இரண்டுக்கும் அவ்வளவு யோசிக்கத் தேவையில்லை. மூன்றுமே வைரஸ், தானாகப் போகும். காய்ச்சல் இறங்கி சிவப்பு வந்துவிட்டால் பயம் தீர்ந்தது என்று தாளின் அடியில் ஒரு வரி போட்டுவிடலாம்.

சிவா (பிள்ளை மருத்துவர், கண்டி)

தம்பி ராஜு, சொல் நல்ல சொல். ஆனால் அந்த அடிவரியை மட்டும் தயவுசெய்து போடவேண்டாம்.

முதலில், ஸ்கார்லட் வைரஸ் அல்ல. அது தொண்டையில் இருக்கும் ஸ்ட்ரெப்டோகொக்கஸ் பக்டீரியாவின் நஞ்சால் வருவது. பள்ளிக்கூடம் போகும் வயதுப் பிள்ளை, காலையில் தொண்டை நோவும் காய்ச்சலும், மறுநாளோ அதற்கடுத்த நாளோ கழுத்திலும் நெஞ்சிலும் சிவப்பு. காய்ச்சல் எரிந்துகொண்டிருக்கும்போதே வரும். நம் பிள்ளைகளின் நிறத்தில் சிவப்பு சரியாகத் தெரியாமல் போகலாம், அதனால் கண்ணை நம்பாதீர்கள், கையால் தடவிப் பாருங்கள். பூனை நாக்கைத் தொட்டதுபோல் சொரசொரக்கும். முழங்கை மடிப்பில் கோடு கோடாகக் கருஞ்சிவப்பு தெரியும். வாயைச் சுற்றி மட்டும் வெளிறியிருக்கும். நாக்கு ஸ்ட்ரோபெரிப் பழம்போல் என்று புத்தகத்தில் போட்டிருப்பார்கள், நுவரெலியாக்காரருக்கு அந்த உவமையை விளக்க வேண்டியதில்லை. இதற்குப் பென்சிலின் 10 நாள் முழுதாகக் கொடுக்கவேண்டும். மூன்றாம் நாள் பிள்ளை ஓடியாடுகிறது என்று போத்தலை மூடிவைத்தால், பின்னால் வாதக்காய்ச்சல் வந்து இதய வால்வைப் பிடிக்கலாம்.

ரோசியோலா கைப்பிள்ளைகளுக்கு, பெரும்பாலும் 6 மாதத்திலிருந்து 2 வயதுக்குள். மூன்று நான்கு நாள் 103, 104 என்று காய்ச்சல் அடிக்கும், சிலருக்கு வலிப்பும் வரும். காய்ச்சல் திடீரென்று விட்டு, சில மணிநேரத்திலோ மறுநாளோ முதுகிலும் வயிற்றிலும் இளஞ்சிவப்புப் புள்ளி. ஓரிரு நாளில் தடமில்லாமல் போய்விடும்.

இப்போது அந்த அடிவரிக்கு வருகிறேன். டெங்கிலும் காய்ச்சல் இறங்கும் வேளையில்தான் ஆபத்து தொடங்குகிறது, அந்த நாட்களையொட்டிச் சிவப்பும் வரலாம். காய்ச்சல் விட்டபிறகு ரோசியோலாப் பிள்ளை தேங்காய்ச் சிரட்டையைத் தட்டி விளையாடும். டெங்குப் பிள்ளை சோர்ந்து கிடக்கும், வாந்தி எடுக்கும், வயிறு நோகும், கைகால் சில்லிடும், சிறுநீர் குறையும். 'காய்ச்சல் விட்டால் பயமில்லை' என்று நாம் ஒட்டினால், வரவேண்டிய பிள்ளை வீட்டிலேயே இருந்துவிடும். மேட்டுத் தோட்டங்களில் டெங்கு குறைவுதான், ஆனால் கொழும்பில் வேலை செய்யும் தாய் தகப்பன் தீபாவளிக்குப் பிள்ளையோடு வருவார்கள் இல்லையா?

வசந்தி (பண்டாரவளை)

நான் இந்தக் குழுவில் வாசிப்பதோடு சரி, எழுதுவதில்லை. ஆனால் இது என் வீட்டுக் கதை.

மகளுக்குப் பத்து மாதம். திங்கள் இரவு காய்ச்சல். பனடோல் சிரப் கொடுத்தால் இறங்கும், கரண்டியை எடுத்துத் தரையில் அடித்து விளையாடுவாள், திரும்ப ஏறும். புதன்கிழமை ஒரு தனியார் டிஸ்பென்சரியில் காட்டினோம், பென்சிலின் குடும்பத்து மருந்தான அமொக்சிசிலின் கொடுத்தார்கள். வியாழன் இரவு உடம்பு குளிர்ந்தது. மருந்து கேட்டது என்று நினைத்தோம். வெள்ளி காலை சட்டையைக் கழற்றினால் முதுகெல்லாம் சிவப்புப் புள்ளி. மாமியார் "அம்மா போட்டிருக்கு" என்றார். அதே இடத்துக்கு ஓடினோம். மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லி, கிளினிக் புத்தகத்தின் முன்பக்கத்தில் சிவப்பு மையால் 'பென்சிலின் ஒவ்வாமை' என்று எழுதிவிட்டார்கள். சனி மாலைக்குள் ஒரு புள்ளிகூட இல்லை.

ஆறு வயதில் அவளுக்கு டொக்டர் சொல்கிற அந்த ஸ்கார்லட் வந்தது. புத்தகத்தைப் பார்த்துவிட்டுப் பென்சிலின் தரவில்லை, எரித்ரோமைசின் தந்தார்கள். பத்து நாளும் வயிற்றுப்போக்கு. பிறகு ஆஸ்பத்திரியில் ஒரு நிபுணர் நாள் நாளாகக் கேட்டார்: எப்போது மருந்து தொடங்கியது, எப்போது காய்ச்சல் விட்டது, எப்போது புள்ளி வந்தது. வார்டில் வைத்து அமொக்சிசிலின் கொஞ்சம் கொடுத்துப் பார்த்தார், பிறகு முழு அளவு. ஒன்றும் ஆகவில்லை. அந்தச் சிவப்பு எழுத்தை அவரே வெட்டினார்.

அந்தக் காலை யாராவது 'இது காய்ச்சல் விட்டு வருகிற புள்ளி' என்று ஒரு பெயர் சொல்லியிருந்தால் போதும்.

சிவா

வசந்தி, இந்த மாதிரி முன்பக்கங்களை நானும் நிறையப் பார்த்திருக்கிறேன். அதற்காக, ஒவ்வாமையே கிடையாது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மருந்து குடித்து ஓரிரு மணிநேரத்துக்குள் அரிப்போடு தடித்துத் தடித்து எழும்பினால், உதடு வீங்கினால், மூச்சு இழுத்தால், அந்த மருந்தை நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அரிப்பில்லாத தட்டைப் புள்ளியில், மருந்தா வைரஸா என்று அன்றே உறுதியாகச் சொல்ல முடியாத நேரமும் உண்டு. ஆனால் எழுதுகிறவர் 'ஒவ்வாமை' என்று ஒற்றைச் சொல்லோடு நிறுத்தாமல், மருந்தின் எத்தனையாம் நாள், காய்ச்சல் இருந்ததா விட்டதா என்றும் எழுதிவைத்தால் அடுத்தவர் யோசிக்கலாம்.

மாஸ்டர் (ஹாலிஎல, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்)

ராஜுவின் 'விடுசெம்புள்ளி' கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் அது வினைத்தொகை. விட்ட செம்புள்ளி, விடுகின்ற செம்புள்ளி, விடும் செம்புள்ளி மூன்றுக்கும் இடம் கொடுக்கும். வினைத்தொகை காலத்தை மறைப்பது. கலா பிள்ளைக்கு வேண்டியதோ காலம் ஒன்றுதான். போதாக்குறைக்கு, 'விட்டுவிட்டு வரும் காய்ச்சல்' என்று மலேரியாக் காலத்துப் பேச்சு இன்னும் பெரியவர்கள் வாயில் இருக்கிறது, 'விடு' என்றதும் அங்கேதான் போவார்கள்.

ஆகவே தொகையை விரித்துவிடுங்கள். 'காய்ச்சல் விட்ட செம்புள்ளி'. நீளம்தான், ஆனால் லயத்தில் ஒரு பாட்டி அப்படியே திருப்பிச் சொல்வாள். ஸ்கார்லட்டுக்குச் 'செங்காய்ச்சல்' ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள சொல். சிவப்பும் காய்ச்சலும் ஒரே சொல்லுக்குள் ஒட்டிக் கிடக்கின்றன, நோயும் அப்படித்தான் என்கிறார் டொக்டர். அதைக் கலைக்க வேண்டாம். மூன்றாவதற்கு 'அறைகன்னம்' என்று வைக்கலாமா? அதுவும் வினைத்தொகைதான், ஆனால் அங்கே காலம் தடுமாறாது.

நிர்மலா (முன்பள்ளி ஆசிரியை, நுவரெலியா)

மாஸ்டர், மன்னிக்க வேண்டும், அந்தப் பெயர் வேண்டவே வேண்டாம். போன வருடம் ஒரு பையன் இரண்டு கன்னமும் பளீரென்று சிவந்து வீட்டுக்குப் போனான். மறுநாள் காலை தகப்பன் கேற்றில் நின்று "எம் புள்ளைய எந்த மிஸ் அடிச்சது?" என்று சத்தம். சட்டையைத் தூக்கி, கையில் வலைபோலப் படர்ந்திருந்த சிவப்பைக் காட்டிய பிறகுதான் குரல் இறங்கியது. நோயின் பெயரிலேயே 'அறை' இருந்தால் நாங்கள் எங்கே போய் முறையிடுவது?

இன்னொன்றும் கேட்க வேண்டும். அந்தப் பையனுக்குக் காய்ச்சலே இல்லை. நேரம் வைத்துப் பிரிக்கலாம் என்றால் இதை எங்கே வைப்பது? எங்கள் உதவியாளர் அப்போது மூன்று மாதக் கர்ப்பிணி. பையனை ஒரு கிழமை வரவேண்டாம் என்றோம். சரியா?

சிவா

காய்ச்சல் இருந்திருக்கும், நீங்கள் மறந்திருப்பீர்கள். இந்த ஐந்தாம் நோயைக் கொண்டுவரும் பார்வோ வைரஸ் பி19 அப்படித்தான். முதலில் லேசான காய்ச்சல், மூக்கொழுகல், தலையிடி, யாரும் பெரிதாக எடுக்க மாட்டார்கள். பிறகு சில நாள், சிலவேளை ஒரு கிழமைவரை, பிள்ளை நன்றாக இருக்கும். அதன்பிறகு கன்னம் சிவக்கும், ஓரிரு நாளில் கைகாலில் வலை படரும். வெயிலில் நின்றாலோ சுடுதண்ணீரில் குளித்தாலோ மங்கின வலை திரும்பத் தெரியும், இரண்டு மூன்று கிழமைகூட இழுக்கும். புதிதாகத் தொற்றிவிட்டது என்று அதைக் கண்டு பயப்படத் தேவையில்லை.

தொற்றுவது அந்த மூக்கொழுகின நாட்களில். கன்னம் சிவக்கும்போது அநேகமாக அது முடிந்துவிடும். ஆகவே பையனை வீட்டில் நிறுத்தியதால் உங்கள் உதவியாளருக்கு ஒரு பயனும் இல்லை, அவர் அதற்கு முந்தின கிழமையே அவனோடு இருந்துவிட்டார். பையனை நிறுத்துவதைவிட அவரைக் கிளினிக்கில் காட்டுவதுதான் முக்கியம். பெரியவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு இது சின்ன வயதிலேயே வந்து எதிர்ப்புச் சக்தி இருக்கும், இரத்தம் பார்த்தால் தெரியும். இல்லாதவருக்கு, குறிப்பாக முதல் 20 கிழமைக்குள், வயிற்றுப் பிள்ளையைக் கவனித்துப் பார்க்கவேண்டி வரும். தலசீமியா உள்ள பிள்ளை உங்கள் வகுப்பில் இருந்தாலும் பெற்றோரிடம் சொல்லுங்கள், இரத்தம் திடீரென்று இறங்கக்கூடும்.

முருகேசு (கந்தப்பளை)

என் பேரனுக்கும் ஒவ்வொரு ஜனவரியும் இதேதான். கன்னம் சிவந்து வெடிக்கிறது. நாங்கள் தேங்காயெண்ணெய் பூசுகிறோம். இதற்கும் ஊசி இருக்கிறதா?

கலா

முருகேசு ஐயா, அது பனிக்காற்றில் வெடிக்கும் கன்னம். தொட்டால் வறண்டு செதில்போல் இருக்கும், மூக்கு நுனியும் சேர்ந்து சிவக்கும், கையில் வலை வராது.

ஆனால் நீங்கள் என்னை நன்றாக மாட்டிவிட்டீர்கள். 'கன்னச்சிவப்பு' என்று வைக்கலாம் என்று இருந்தேன். கந்தப்பளையில் அதை ஒட்டினால் ஜனவரியில் பாதி மடுவம் என் கிளினிக்கில் நிற்கும்!

ராஜு

வலையைப் பிடித்தால் என்ன? 'கன்னவலை'?

மாஸ்டர்

மீன்பிடி உபகரணம்போல் இருக்கிறது, தம்பி.

கலா

இப்போதைக்குத் தாளில் 'செங்காய்ச்சல்', 'காய்ச்சல் விட்ட செம்புள்ளி' இரண்டும் ஏறிவிட்டன. இரண்டாவதின் கீழே டொக்டர் சொன்னபடி 'பிள்ளை விளையாடவில்லை என்றால் அன்றே கொண்டுவாருங்கள்' என்று போட்டிருக்கிறேன். பக்கத்தில் இரண்டு கட்டம்: காய்ச்சல் தொடங்கிய நாள், சிவப்பு கண்ட நாள். மடுவத்து அக்கா பேனையால் நிரப்பவேண்டும். மூன்றாவதுக்குக் கன்னத்தையும் கையையும் படமாக வரைந்து, பெயரை வெறுமையாக விட்டிருக்கிறேன். அடுத்த புதன் அச்சுக்குப் போகிறது, அதற்குள் யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.

முருகேசு

அப்போ எண்ணெயே பூசலாமா, வாசலினா?